கடைவாய்ப் பல்: வைப்பதா, எடுப்பதா?

குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, கீழ்த்தாடையில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் அதுவும் பால்பல்தான், எப்படியும் விழுந்துவிடும் என்று பல பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதுதான் முதல் நிலையான கடைவாய்ப் பல். ஆயுள் முழுக்க இருக்கவேண்டியது. பிள்ளைக்கு ஒழுங்காகப் பல் துலக்கத் தெரியாத வயதிலேயே வாய்க்குள் வந்துவிடுகிறது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் வேறு. சோற்றுப் பருக்கையும் பிஸ்கட் மாவும் அங்கேதான் தங்கும். ஆகவே நிலையான பற்களில் சொத்தை அதிகம் பிடிப்பது இந்தப் பல்லில்தான்.

அந்தச் சொத்தை பத்து, இருபது ஆண்டுகள் மெல்ல வளர்ந்து, ஒரு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓட வைக்கும்போது கேள்வி ஒன்றுதான்: ரூட் கேனால் செய்து வைத்துக்கொள்வதா, பிடுங்கிவிடுவதா?

வலி தாங்க முடியவில்லை என்றால் பிடுங்க வேண்டியதுதான், சீழ் வைத்துவிட்டால் பல்லைக் காப்பாற்றவே முடியாது என்றெல்லாம் நம்மில் பலர் நினைக்கிறோம். மருத்துவர் பார்ப்பது வேறு. வலியும் சீழும் பல்லுக்குள் இருக்கும் நரம்பின் நிலையைச் சொல்கின்றன. அந்த நரம்பை எடுத்துவிட்டுப் பல்லை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொத்தையை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகு, ஈறுக்கு மேலே கெட்டியான பல் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை எந்த வலியும் சொல்லாது. பெரும்பாலான வேளைகளில் தீர்ப்பை எழுதுவது அதுதான்.

வலி எதைச் சொல்கிறது?

பல்லின் வெளியோடு எனாமல். அதற்குள் சற்றே மென்மையான டென்டின். நடுவே ஓர் அறை. அதில் ரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் கொண்ட சதை. பேச்சுவழக்கில் அதைத்தான் ‘பல் நரம்பு’ என்கிறோம். அந்தச் சதை, வேர்களுக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள் வழியாக வேர்நுனிவரை இறங்கித் தாடையோடு சேர்கிறது. கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள், மூன்று அல்லது நான்கு குழாய்கள்.

சொத்தை டென்டினில் இருக்கும்வரை இனிப்பும் குளிர்ந்த தண்ணீரும் சுருக்கென்று கூசும்; விழுங்கியதும் அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் சொத்தையை எடுத்து அடைத்தாலே நரம்பு தேறிவிடும். சொத்தை நரம்பை நெருங்கிக் கிருமிகள் உள்ளே புகுந்துவிட்டால் கதை மாறுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எழும் வலி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீடிக்கும். சூடான காபி ஆகாது. இரவில் படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். சுற்றிலும் கெட்டியான சுவர். உள்ளே வீங்கும் சதைக்கு விரிய இடமில்லை. அதனால்தான் அவ்வளவு வலி. இந்த நிலைக்கு வந்த நரம்பு தானாகத் தேறும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

பிறகு ஒரு நாள் வலி சட்டென்று நின்றுவிடும். கிராம்பு எண்ணெய் வைத்ததால் சரியாயிற்று, மாத்திரையில் சரியாயிற்று என்று பலரும் நிம்மதி அடைவது இந்த இடத்தில்தான். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும்; அவ்வளவே. வலி நின்றதற்குக் காரணம் நரம்பு செத்துப்போனதுதான். செத்த சதையில் வளரும் கிருமிகள் வேர்நுனி வழியாக வெளியேறி எலும்பை அரிக்கத் தொடங்கும். சில வாரமோ சில மாதமோ கழித்துக் கடித்தால் வலிக்கும், ஈறில் சிறு கொப்புளம் வந்து சீழ் கசியும்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டு இதைத் தள்ளிப்போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தில் போகும் மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கும், பல்லோடு நிற்கும் சீழ்க்கட்டிக்கும், உடனே பல்லுக்கே சிகிச்சை கிடைக்குமானால், பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்றே அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வாய் திறக்க முடியவில்லை, விழுங்கச் சிரமம், தாடைக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம், காய்ச்சல் என்றால் அது வேறு விஷயம். அது மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டிய அவசரம்.

ஒரு நோயாளி, ஒரு பல்

மருத்துவர் எப்படி முடிவுக்கு வருகிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் 42 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வலது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில், பின்பக்கமாகப் பெரிய குழி. இரண்டு மாதத்துக்கு முன் நான்கு இரவு தூக்கமில்லை. பிறகு வலி நின்றுவிட்டது. இப்போது முறுக்கு கடித்தால் வலிக்கிறது, ஈறில் சின்னக் கொப்புளம். வந்து உட்கார்ந்ததும் அவர் சொல்வது: “பிடுங்கிடுங்க டாக்டர். இதோட மல்லுக்கட்ட முடியல.”

“பிடுங்குறது அஞ்சு நிமிஷ வேலைம்மா. பிடுங்கினா திரும்ப வைக்க முடியாது. முதல்ல பார்த்துடலாம்” என்கிறார் மருத்துவர்.

முதல் சோதனை குளிர். பஞ்சில் குளிரூட்டும் மருந்தைத் தெளித்துப் பல்லில் வைக்கிறார். பக்கத்துப் பல்லில் சட்டென்று கூச்சம் வந்து போகிறது. சொத்தைப் பல்லில் எதுவும் தெரியவில்லை. நரம்பு செத்துவிட்டது. அடுத்து, கண்ணாடியின் கைப்பிடியால் பல்லை மெல்லத் தட்டுகிறார். வலிக்கிறது. அழற்சி வேர்நுனியைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மிக முக்கியமானது. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விட்டுச் சுற்றிலும் அளக்கிறார். ஆரோக்கியமான ஈறில் அது 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. எல்லா இடத்திலும் 3 இருந்து, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 8, 9 என்று சர்ரென்று இறங்கினால் மருத்துவரின் முகம் மாறும். வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். அப்படிப் பிளந்த வேரை ஒட்டவைக்க வழி கிடையாது. அந்தப் பல்லை எடுத்தே ஆகவேண்டும். இந்தப் பெண்ணுக்கு எல்லா இடத்திலும் 3-க்குள் இருக்கிறது. பல் ஆடவும் இல்லை.

அடுத்தது எக்ஸ்ரே. வேர்நுனியில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கருநிழல். எலும்பு அந்த அளவுக்குக் கரைந்திருக்கிறது. நோயாளிகள் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். மருத்துவரோ கருநிழலைவிட அதிக நேரம் பல்லின் பின்பக்கச் சுவரைப் பார்க்கிறார். சொத்தை ஈறு மட்டத்தையும் தாண்டி இறங்கியிருக்கிறது. அதன் அடிவிளிம்புக்கும் தாடை எலும்புக்கும் இடையே எவ்வளவு தூரம்?

எக்ஸ்ரே இதற்கு முழு விடை தராது. அது தட்டையான படம். கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். சொத்தை பொதுவாகப் படத்தில் தெரிவதைவிடப் பெரியதாகவே இருக்கும். விரிசல்கள் பெரும்பாலும் தெரியாது. எனவே இறுதி விடை பல்லைத் திறந்த பிறகுதான். “சொத்தைய முழுசா எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்மா. உள்ள விரிசல் இருந்தா, இல்ல கெட்டிப் பல் பத்தாதுன்னா, பாதியிலயே நிறுத்தி எடுத்துடுவோம். சம்மதமா?” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்பவர் நல்ல மருத்துவர். கேட்காமல் தொடங்கினால், பாதியில் முடிவு மாறும்போது நோயாளி தாம் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

மிஞ்சிய சுவர்

ஊசி போட்டு உதடும் நாக்கின் ஒரு பாதியும் மரத்துப்போன பிறகு, மென்மையாகிப் போன டென்டின் முழுவதையும் மருத்துவர் சுரண்டி எடுக்கிறார். பிறகு அளக்கிறார். முன்பக்கம், கன்னப் பக்கம், நாக்குப் பக்கம் மூன்றிலும் ஈறுக்கு மேல் 4 மில்லிமீட்டர் உயரமும் நல்ல தடிப்பும் உள்ள சுவர் மிஞ்சியிருக்கிறது. பின்பக்கம் மட்டும் சுவர் ஈறுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. அங்கிருந்து எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது.

இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லின் மேல் கேப் போடுவார்கள். உலக்கையின் நுனி பிளக்காமல் இருக்கப் பூண் போடுகிறோம் அல்லவா? பூண் மரத்தைச் சுற்றிக் கவ்வினால்தான் பிடி. மேலே ஒட்டிவைத்தால் இரண்டு இடியில் கழன்றுவிடும். கேப்பும் அப்படியே. அடைத்த சிமென்ட்டைக் கவ்வுவதில் பயனில்லை. அசல் பல்லைச் சுற்றிக் குறைந்தது ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது அது கவ்வியிருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் கேப் கழன்று வரும், அல்லது கேப்போடு சேர்ந்து பல்லே ஈறு மட்டத்தில் முறியும், இல்லையென்றால் வேர் பிளக்கும். வேருக்குள் கம்பி நட்டுப் பல்லைப் பலப்படுத்திவிடலாம் என்றொரு நம்பிக்கை உண்டு. கம்பி, மேலே கட்டும் சிமென்ட்டைப் பிடித்துக்கொள்ள உதவும், வேரைப் பலப்படுத்தாது. அதை நட அதிகம் குடைந்தால் வேர் இன்னும் பலவீனமாகும்.

அடுத்த எல்லை எலும்பு. எலும்புக்கு மேலே சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈறு பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேப்பின் விளிம்போ அடைப்பின் விளிம்போ அந்த இடத்தில் புகுந்துவிட்டால் ஈறு ஆறவே ஆறாது; சிவந்து, ரத்தம் கசிந்து, எலும்பு மெல்லக் கீழே இறங்கும். எனவே விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே அந்த 2 மில்லிமீட்டரையாவது விட்டுவைக்கவேண்டும். 3 இருந்தால் நல்லது.

இந்தப் பெண்ணின் பல் மூன்று பக்கம் தாராளமாகத் தேறுகிறது. நான்காவது பக்கம் விளிம்பில் நிற்கிறது. இந்த மாதிரி இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஈறையும் கொஞ்சம் எலும்பையும் அறுவை செய்து கீழே இறக்கி, புதைந்த பல்லை வெளியே காட்டலாம். ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வேரும் பிரியும் கவட்டை ஈறுக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே தொடங்கிவிடும். எலும்பை இறக்கினால் அந்தக் கவட்டை வெளியே வந்து, பிரஷ் போகமுடியாத புதிய பொந்து உருவாகலாம். இன்னொரு வழி, ஈறைச் சற்று ஒதுக்கி, பின்பக்க விளிம்பைப் பல் நிற அடைப்புப் பொருளால் ஈறு மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிவிட்டு, அதன்மேல் கேப்பின் விளிம்பை உட்கார வைப்பது. அடைக்கும் நேரத்தில் அந்த இடம் ரத்தமோ எச்சிலோ படாமல் உலர்ந்திருந்தால்தான் இது நிற்கும். மூன்று பக்கம் நல்ல பிடி இருப்பதாலும், எலும்பு போதிய தூரத்தில் இருப்பதாலும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறார் மருத்துவர். பல் தங்கும்.

இப்போது ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பார்ப்போம். அதே பெண், அதே வலி, அதே கருநிழல். ஆனால் சொத்தை பின்பக்கச் சுவரோடு நிற்காமல் அறையின் தரையையும் அரித்து, வேர்கள் பிரியும் கவட்டை வரை போய்விட்டது. அல்லது தரையின் குறுக்கே ஒரு விரிசல் கோடு ஓடுகிறது. அப்போது ரூட் கேனால் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பயனில்லை. பல்லை எடுப்பதே நேர்மையான சிகிச்சை. வெளியே இருந்து பார்க்கும் நோயாளிக்கு இரண்டு பல்லும் ஒன்றுபோலவே தெரியும்.

ரூட் கேனாலில் என்ன நடக்கிறது?

காப்பாற்றுவது என்று முடிவானதும், பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவது முதல் வேலை. எச்சிலில் இருக்கும் கிருமிகள் குழாய்க்குள் போகாமலும், சிறு கருவிகளோ மருந்தோ தொண்டைக்குள் போகாமலும் அது தடுக்கும். பிறகு குழாய்களைக் கண்டுபிடித்து, வேர்நுனி எங்கே முடிகிறது என்று மின்கருவியால் அளந்து, முடியைப்போல் மெல்லிய ஃபைல்களால் சீவி அகலப்படுத்துகிறார்கள். ஃபைல் போகாத சந்துகளும் உண்டு. அங்கே இருக்கும் கிருமியைக் கொல்வதும் செத்த சதையைக் கரைப்பதும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலின் வேலை. திரும்பத் திரும்ப அதை விட்டுக் கழுவுகிறார்கள். சீழ் இருந்த பல் என்பதால், இந்தப் பெண்ணுக்கு முதல் அமர்வின் முடிவில் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை உள்ளே வைத்து மூடி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். கொப்புளம் வற்றியபிறகு, கட்டாப்பர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் குழாய்கள் நுனிவரை அடைக்கப்படுகின்றன.

தவறு நடப்பதும் இங்கேதான். நான்காவது குழாயைக் கவனிக்காமல் விட்டால் அதற்குள் இருக்கும் கிருமி பின்னாளில் திரும்பி வரும். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லில் இப்படி ஒளிந்திருக்கும் குழாய் அடிக்கடி தப்பிவிடுகிறது. வளைந்த வேரில் ஃபைலின் நுனி முறிந்து தங்குவதும் உண்டு. அதனால் மட்டுமே பல் போய்விடாது. அதற்குக் கீழே கிருமி மிச்சமிருக்கிறதா என்பதே கேள்வி. எது நடந்தாலும் மருத்துவர் அதை நோயாளியிடம் சொல்லவேண்டும்.

வெற்றி வாய்ப்பு எவ்வளவு? சுவீடனின் உமேயோவில் 8 முதல் 10 ஆண்டுகள்வரை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1990-ல் வெளியான ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வேர்நுனியில் எலும்பு கரையாத பற்களில் 96 விழுக்காடு வெற்றி. நரம்பு செத்து எலும்பும் கரைந்திருந்த பற்களில் 86 விழுக்காடு. நம் எடுத்துக்காட்டுப் பெண் இரண்டாவது வகை. சீழ் வைத்த பல்லைக் காப்பாற்ற முடியாது என்பது எவ்வளவு தவறான எண்ணம் என்பதை இந்த எண் காட்டும். அது கவனமாகச் செய்த சிகிச்சையின் கணக்கு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். கரைந்த எலும்பு மீண்டும் நிரம்புவதற்கு மாதக் கணக்காகும். சிலருக்கு நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம். ஆறு மாதத்திலும் ஓர் ஆண்டிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

வலி போனதும் பலர் கேப் போட வருவதில்லை. கையில் காசு வரட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு, ரூட் கேனாலுக்குப் பின் கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோனதாகக் கண்டது. நடுவே குடையப்பட்ட கடைவாய்ப் பல், ஒரு கல்லோ எலும்போ கடிபட்டால் இரண்டாகப் பிளந்துவிடும். மிச்சம் பிடித்த கேப் காசோடு ரூட் கேனாலுக்குச் செலவழித்ததும் போய்விடும்.

எடுத்தால் என்ன ஆகும்?

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். பல்லின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்வலி கண்ணைச் சுற்றித் தெறிப்பதுபோல் தோன்றலாம். பல் எடுப்பதால் பார்வை மங்காது. பல் எடுத்தபின் அஞ்சவேண்டியது வேறு. மூன்றாம் நாள் வாக்கில் குழியில் உறைந்த ரத்தம் கழன்று, எலும்பு வெளியே தெரிந்து, காதுவரை இழுக்கும் வலியும் துர்நாற்றமும் வரலாம். புகைப்பவர்களுக்கு இது அதிகம். குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கிவிடும்.

குழி ஆறிய பிறகுதான் மெதுவாக நடக்கும் மாற்றங்கள். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு மெலிகிறது. முதல் ஓராண்டில் அதன் அகலம் ஏறக்குறையப் பாதியாகலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். பின்னால் உள்ள பல் வெற்றிடத்தை நோக்கிச் சாயும். மேலே இருக்கும் பல், கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கி வரும். எல்லோருக்கும் ஒரே அளவில் இது நடப்பதில்லை என்றாலும், பத்து ஆண்டு கழித்து அங்கே பல் கட்ட வருபவருக்கு இடமும் எலும்பும் குறைந்திருக்கும்.

வெற்றிடத்தை நிரப்ப மூன்று வழிகள். எலும்பில் திருகு பதித்துக் கட்டும் இம்பிளான்ட் நல்ல தீர்வு; ஆனால் ரூட் கேனாலும் கேப்பும் சேர்ந்த செலவைவிட அது பொதுவாக அதிகம், முடிய மாதக் கணக்காகும். பிரிட்ஜ் கட்டினால் இருபுறமும் உள்ள பற்களைச் சீவவேண்டும். அவை ஏற்கெனவே கேப் தேவைப்படும் பற்களாக இருந்தால் நியாயம். நல்ல பற்களாக இருந்தால் இழப்பு. கழற்றி மாட்டும் செட் மலிவானது, ஆனால் ஒரு பல்லுக்காக அதைத் தொடர்ந்து மாட்டுபவர்கள் குறைவு.

எதையும் கட்டாமல் விடுவதும் சில சமயம் சரியான முடிவே. நெதர்லாந்தின் நைமேகனைச் சேர்ந்த பேராசிரியர் கைசர், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களை ஆராய்ந்து 1981-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் நன்றாக இருந்தால், பலருக்கு அன்றாட உணவை மெல்ல அதுவே போதும் என்றார். ஆகவே பல்லின் இடமும் கணக்கில் வருகிறது. முதல் கடைவாய்ப் பல்லுக்காக மருத்துவர் கடைசிவரை போராடுவார். அதே அளவு சிதைந்த இரண்டாவது கடைவாய்ப் பல், அதிலும் எதிர்ப்பல் இல்லாதது என்றால், “எடுத்துட்டு அப்படியே விட்டுடலாம்” என்பார். ஞானப்பல்லுக்குப் பெரும்பாலும் யோசிக்கவே மாட்டார்.

சில நேரம் தீர்ப்பைப் பல் எழுதுவதில்லை, உடம்பு எழுதுகிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்காகத் தாடையில் கதிர்வீச்சு வாங்கியவருக்குப் பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே அழுகக்கூடும். அவருக்குப் பாதி முறிந்த பல்லைக்கூட, கேப் போட வழியில்லாவிட்டாலும், ரூட் கேனால் செய்து வேரை உள்ளேயே விட்டுவிடுவார்கள். அதே நோயாளி கதிர்வீச்சுக்கு முன்பே வந்திருந்தால், சந்தேகத்துக்குரிய பற்களை முன்கூட்டியே எடுத்திருப்பார்கள். எலும்புத் தேய்மானத்துக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளும் இதே சிக்கலைத் தரும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையில் எந்தச் சிகிச்சையும் மெதுவாகவே ஆறும். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்துவது பல்வலியைவிட ஆபத்தானது. சாப்பிடும் எல்லா மருந்தின் சீட்டையும் பல் மருத்துவரிடம் முதலிலேயே காட்டிவிடவேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து கேட்கவேண்டியது

செலவும் நியாயமான காரணம்தான். கேப்புக்குப் பணம் திரட்ட முடியாது, திரும்பத் திரும்ப வர விடுப்பு கிடைக்காது என்றால், அதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் விட்ட ரூட் கேனாலைவிட ஒழுங்காக எடுத்த பல் மேல். அதே சமயம், பணம் இல்லை என்பதற்காகவே காப்பாற்றக்கூடிய பல்லை இழக்கவும் வேண்டாம். சென்னையில் இருப்பது போன்ற அரசு பல் மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த செலவில் இதே சிகிச்சையைச் செய்கிறார்கள். நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

உங்கள் கடைவாய்ப் பல்லைப் பற்றி முடிவெடுக்கும் நாளில் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொத்தையை எடுத்தபின் கேப் பிடிக்கப் போதுமான பல் மிஞ்சுமா? விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? எடுத்தால் அந்த இடத்தில் என்ன செய்யப்போகிறோம், அதற்கு மொத்தச் செலவு எவ்வளவு? முதல் கேள்விக்கு ‘மிஞ்சும்’ என்றும், இரண்டாவதற்கு ‘பார்த்தேன், இல்லை’ என்றும் பதில் வந்தால், சீழ் இருந்தாலும் கருநிழல் இருந்தாலும் அந்தப் பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொள்ளுங்கள். வலி நின்றது என்று கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். பல் போதாது என்று அவர் சொன்னால், அந்தப் பல்லுக்காக மேலும் செலவழிக்காமல் எடுத்துவிடுங்கள்.